ட்ரையல் ரூமில் உட்கார்ந்து, குனிந்து, கை தூக்கிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெடிமேட் சட்டை, பேன்ட்களைப் பிரித்துத் தைத்துச் சரிசெய்யும் வேலை எனக்கு. அந்த மேசைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. இங்கே பேசுவது பெரும்பாலும் நெய்த துணியைப் பற்றித்தான்: இழுத்தால் நீளாத காட்டன், லினன், டெனிம் போன்றவை. நீளும் துணிக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. அது போதாதா?

போதாது. நிமிர்ந்து நிற்கும்போதுதான் உடம்புக்குத் தேவைப்படும் துணி மிகக் குறைவு. உட்கார்ந்ததும் இடுப்புச் சுற்றளவு சுமார் ஒரு அங்குலம் கூடும். பின்புறத்தின் அகலமான இடத்தை நாங்கள் ‘சீட்’ என்போம். அங்கே ஆளைப் பொறுத்து ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் வரை கூடும். குனிந்தால் முதுகும் பின்புறமும் நீளும். கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து இடுப்பு வரை உள்ள பக்கவாட்டு நீளம் கூடும். துணி அப்படி நீளாது. தேவைப்படும் துணியை எங்கிருந்தாவது இழுத்துக்கொள்ளும்.

எங்கிருந்து இழுக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த மூன்று சோதனையும். லேபிளில் இருக்கும் எண் ஒன்றுதான், ஆனால் ஒரு பேன்ட்டில் இடுப்பு, சீட், தொடை, உயரம் என்று பல அளவுகள் இருக்கின்றன. எந்த அளவு போதவில்லை என்பதை நின்றால் காட்டாத துணி, உட்கார்ந்தால் காட்டிவிடும். அதற்கும் மேல், பெரிய சைஸ் எடுத்தால் தீருமா, இல்லை அந்த வெட்டே நமக்கு ஒத்துவராதா என்பதும் தெரிந்துவிடும்.

ட்ரையல் ரூமில் ஸ்டூலே இல்லை. எப்படி உட்கார்வது?

வெளியே எங்காவது ஒரு நாற்காலி இருக்கும், அங்கே போய் உட்காருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. அதுவும் இல்லையென்றால் சுவரில் முதுகைச் சாய்த்து, தொடை தரைக்குக் கிடையாக வரும்வரை இறங்குங்கள். உட்கார்ந்ததற்கு ஓரளவு சமம். உடம்பின் எடை அழுத்தி சீட் அகலும் விளைவு மட்டும் இதில் முழுதாக வராது. அதனால் சுவரோடு இறங்கும்போதே இறுக்கமாக இருந்தால், நிஜ நாற்காலியில் இன்னும் இறுகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்த உடனே எழுந்துவிடாதீர்கள். ஓரிரு நிமிடம் இருங்கள். முதல் சில நொடிகளில் நாம் அறியாமலேயே வயிற்றை எக்கிக்கொண்டிருப்போம். மூச்சை விட்டு உடம்பு தளர்ந்த பிறகுதான் இடுப்புப் பட்டை உண்மையைச் சொல்லும். பர்ஸும் போனும் வழக்கமாக எந்தப் பாக்கெட்டில் வைப்பீர்களோ அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். தொடைப் பக்கம் சரியாக இருந்த பேன்ட், போனை வைத்ததும் சரியில்லாமல் போகும்.

உட்கார்ந்தால் இடுப்புப் பட்டை வயிற்றை வெட்டுகிறது. ஒரு சைஸ் கூட்டினால் போதுமா?

பெரும்பாலும் போதும். மூன்று சோதனையிலும் நேரடியான விடை கிடைப்பது இதற்குத்தான். உட்கார்ந்த நிலையில் பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரலைத் தட்டையாக நுழையுங்கள். சிரமமில்லாமல் நுழைந்தால் சரியான அளவு. தள்ளித்தான் நுழைக்க வேண்டியிருந்தால் இடுப்பு சிறியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டை வயிறு மடியும் இடத்திலேயே வந்து உட்கார்ந்தால், எந்த சைஸும் வெட்டத்தான் செய்யும். அப்படியானால் வேண்டியது பெரிய சைஸ் அல்ல, பட்டை சற்று மேலேயோ கீழேயோ நிற்கும் வேறு வெட்டு. பட்டையை ஓர் அங்குலம் கீழே தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பட்டை வயிற்றை வெட்டுவது நின்றுவிட்டால் சிக்கல் சுற்றளவில் இல்லை.

உட்கார்ந்ததும் பேன்ட் பின்பக்கம் இறங்கிவிடுகிறது. இடுப்பு லூஸ் என்றுதானே அர்த்தம்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பெல்ட்டை இன்னும் இறுக்குகிறார்கள். இதற்குக் காரணம் மூன்று இருக்கலாம், தீர்வும் மூன்று விதம்.

முதலாவது, இடுப்பு நிஜமாகவே லூஸ். நிற்கும்போதே தெரிந்துவிடும். பின்நடுவில் பட்டைக்கும் முதுகுக்கும் இடையே கை தாராளமாகப் போகும்.

இரண்டாவது, சீட் போதவில்லை. உட்கார்ந்ததும் பின்புறம் அகல்கிறது, அங்கே துணி இல்லை. அதனால் மேலேயிருந்து பட்டையைக் கீழே இழுத்துக்கொள்கிறது. நிற்கும்போது இடுப்பு சரியாகவே இருக்கும். இதை லூஸ் என்று நினைத்துச் சிறிய சைஸ் எடுத்தால் இன்னும் அதிகமாக இறங்கும்.

மூன்றாவது, அகலம் போதும், உயரம்தான் போதவில்லை. பின்பட்டையின் நடுவிலிருந்து கால்களுக்கு நடுவே தையல்கள் கூடும் இடம் வரை உள்ள நீளத்தைப் பின் ரைஸ் என்பார்கள். உட்கார்ந்ததும் முதுகின் அடியிலிருந்து தொடையின் அடிவரை உள்ள தூரம் நீள்கிறது. பின் ரைஸ் குட்டையாக இருந்தால் பட்டை இறங்காமல் வேறு வழியில்லை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. உட்கார்ந்தபடியே, தொடையும் இடுப்பும் சேரும் பக்கவாட்டில், பக்கத் தையலை ஒட்டி விரலால் துணியைக் கிள்ளிப் பாருங்கள். கிள்ள முடியாத அளவுக்கு விறைப்பாக இருந்தால் சீட் இறுக்கம். சுலபமாகக் கிள்ள வருகிறது, ஆனாலும் பின்பட்டை இறங்குகிறது என்றால் பின் ரைஸ் குட்டை.

இதை ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்? சைஸ் ஒன்று கூடும்போது இடுப்பும் சீட்டும் இரண்டு அங்குலம்வரை கூடும், ரைஸோ கால் அங்குலம் அளவுக்குத்தான் கூடும். சீட் இறுக்கத்துக்குப் பெரிய சைஸ் தீர்வு. ரைஸ் குட்டைக்கு அல்ல. அதே பேன்ட்டில் இரண்டு சைஸ் ஏறினாலும் கிடைப்பது அரை அங்குலம்தான், அதற்குள் இடுப்பு நான்கு அங்குலம் பெருத்திருக்கும். உயரமான இடுப்பு உள்ள வேறு மாடலைத்தான் தேட வேண்டும்.

இடுப்புக்கு ஒரு சைஸ் சரி, உட்கார்ந்தால் அடுத்த சைஸ்தான் சரி. எதை எடுப்பது?

பெரியதை எடுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் எவ்வளவு பிடிப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவருக்கு நிற்கும்போது இடுப்பு 32 அங்குலம், சீட் 39. உட்கார்ந்தால் இடுப்பு 33, சீட் 40.5. முதல் பேன்ட்டின் இடுப்பு 32.5, சீட் 40. நின்றால் சீட்டில் ஓர் அங்குலம் தளர்வு இருக்கிறது, கண்ணாடியில் அழகாகத் தெரியும். உட்கார்ந்தால் தேவை 40.5, இருப்பது 40. அரை அங்குலம் குறைகிறது. அந்த அரை அங்குலத்துக்காகப் பக்கப் பாக்கெட்டின் வாய் திறந்து நிற்கும், கவட்டிலிருந்து தொடையின் வெளிப்பக்கம் நோக்கிச் சாய்வாகக் கோடுகள் விழும், பின்பட்டை இறங்கும்.

அடுத்த சைஸில் இடுப்பு 34.5, சீட் 42. உட்கார்ந்த பிறகும் சீட்டில் ஒன்றரை அங்குலம் மிச்சம். வசதிதான். ஆனால் நின்றால் இடுப்பு இரண்டரை அங்குலம் லூஸ். இங்கேதான் பலர் “32-க்குப் பிடித்துவிடுங்கள்” என்பார்கள். அப்படிச் செய்தால் உட்காரும்போது தேவையான 33 இல்லாமல் போய், வயிறு வெட்ட ஆரம்பிக்கும். பின்நடுத் தையலில் ஒன்றரை அங்குலம் மட்டும் பிடித்தால் இடுப்பு 33-இல் நிற்கும். நிற்கும்போது ஓர் அங்குலம் தளர்வு, அதைப் பெல்ட் பார்த்துக்கொள்ளும். பிடிப்பு மேலே பட்டையில் ஒன்றரை அங்குலமாக ஆரம்பித்து, கீழே சீட்டின் அகலமான இடத்துக்கு முன்பே ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். அதைத் தாண்டிப் பிடித்தால், எதற்காகப் பெரிய சைஸ் எடுத்தோமோ அதையே திருப்பிக் கொடுத்ததாகிவிடும்.

பின்நடுவில் பிடிக்கும்போது பின்பாக்கெட் இரண்டும் நெருங்கி வரும். ஒன்றரை அங்குலம் கண்ணில் படாது. இரண்டரை, மூன்று என்று போனால் பாக்கெட்டுகள் ஒட்டிப்பிறந்தவை மாதிரி ஆகும், பக்கத் தையலும் பின்னுக்குத் திரும்பும். அவ்வளவு வித்தியாசம் இருந்தால் அந்த மாடலை விட்டுவிடுவது நல்லது.

உட்கார்ந்தால் சட்டை பட்டன்களுக்கு நடுவே வாய் திறக்கிறது. சட்டை சிறியதா?

எந்தப் பட்டன் என்பதைப் பொறுத்தது. மார்புக்கு நேராகத் திறந்தால் மார்பளவு போதவில்லை. இதற்கு உட்கார வேண்டியதே இல்லை, தோள்களைப் பின்னுக்குத் தள்ளினாலே தெரியும். வயிற்றுக்கு நேராகத் திறந்தால் வயிற்றளவு. உட்கார்ந்தபோது மட்டும் தெரிவது இதுதான். கடைசிப் பட்டன் இழுபட்டால் சட்டையின் அடிப்பகுதி பின்புறத்தின் மேல் சிக்குகிறது என்று பொருள்.

உட்கார்ந்த நிலையில் வயிற்றின் இரு பக்கமும் துணியைக் கிள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் மடித்துக் கிள்ளும்போது அரை அங்குல மடிப்பாவது வர வேண்டும். வந்தும் பட்டன் இடைவெளி திறந்தால் துணி போதுமானதாகவே இருக்கிறது, பட்டன்கள்தான் தூரமாக வைக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் உள்பக்கமாக ஒரு சின்னப் பிரஸ் பட்டன் வைத்தால் முடிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகப் பெரிய சைஸ் எடுத்துத் தோள் தொங்கும் சட்டையோடு திரிபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசிப் பட்டன் மட்டும் இழுபட்டால், உட்காரும்போது அதைக் கழற்றிவிட்டாலே போதும் என்பது என் கருத்து. அதற்காகச் சட்டையையே மாற்ற வேண்டாம்.

குனிந்து பார்ப்பது என்றால் எவ்வளவு குனிய வேண்டும்?

இரண்டு விதமாகக் குனியுங்கள். முதலில் முழங்காலை மடக்காமல், தரையில் விழுந்த ஒன்றை எடுப்பதுபோல. அடுத்து குத்துக்காலிட்டு, ஷூ லேஸ் கட்டுவதுபோல. இரண்டும் இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் காட்டும்.

கால் மடக்காமல் குனியும்போது பின்புறத்தின் நீளம்தான் சோதிக்கப்படுகிறது. பேன்ட்டின் பின்பட்டை இறங்கி, இன் செய்த சட்டை வெளியே வந்துவிட்டால் இரண்டில் ஒன்று: பின் ரைஸ் குட்டை, அல்லது சட்டையின் வால் குட்டை. நிமிர்ந்த பிறகு சட்டையை வெளியே எடுத்து, பெல்ட் வரும் இடத்திலிருந்து சட்டையின் அடிவரை அளந்து பாருங்கள். அங்கே ஐந்தாறு அங்குலம் இருந்தும் வெளியே வந்தது என்றால் குற்றம் பேன்ட்டின் மேல்.

இன்னொன்று, கழுத்து. அகலமான கழுத்துள்ள டாப், டி-ஷர்ட் எதுவாயினும் குனிந்து கண்ணாடியைப் பாருங்கள். கழுத்து உடம்பைவிட்டு விலகித் தொங்கினால் அது கழுத்தின் வெட்டு அல்லது மேல்மார்பில் மிகுதியாக இருக்கும் துணி. தோள் தையல் சரியாகத் தோளிலேயே நின்றால் சைஸ் குறைத்துப் பயனில்லை. தோள் தையல் வெளியே விழுந்திருந்தால் ஒரு சைஸ் குறைத்துப் பாருங்கள், கழுத்தும் சேர்ந்து சரியாகலாம்.

குத்துக்காலிட்டால் முழங்காலிலும் தொடையிலும் பிடிக்கிறது. போடப் போட விடும் என்கிறார்களே?

கொஞ்சம் விடும், பிடிக்கிற இடத்தைப் பொறுத்து. கனமான காட்டன் டெனிம் போட்டுப் பழகினால் இடுப்பில் சற்று இளகும். அடுத்த சலவையில் மீண்டும் சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தொடைக்கும் கவட்டுக்கும் அந்த நம்பிக்கையில் எடுக்காதீர்கள், அங்கே துணி இளகுவதற்குள் தையல் விட்டுப்போகும்.

குத்துக்காலிட்ட நிலையில் கவட்டிலிருந்து நான்கு பக்கமும் நட்சத்திரம்போலக் கோடுகள் கிளம்பினால் சீட்டும் தொடையும் சேர்ந்து இறுக்கம். ஒரு சைஸ் ஏறுங்கள். தொடையின் குறுக்கே வளையம் வளையமாகக் கோடு விழுந்தால் தொடை மட்டும் இறுக்கம். அதற்கு சைஸைவிடக் காலின் வெட்டுதான் காரணம், ஸ்லிம் என்பதை விட்டுவிட்டு ஸ்ட்ரெய்ட் எடுங்கள். முழங்காலில் மட்டும் பிடித்து, காலின் அடிப்பகுதி மேலே ஏறி, நின்ற பிறகும் இறங்காமல் கெண்டைக்காலில் மாட்டிக்கொண்டு நின்றால் கால் குழாய் ஒடுக்கம்.

நிமிர்ந்ததும் பின்நடுத் தையலை வெளிச்சத்தில் பாருங்கள். தையல் அறுந்திருக்காது. ஆனால் தையலின் இருபுறமும் துணியின் நூல்கள் ஏணிப்படிபோல விலகித் தெரிந்தால், அந்தப் பேன்ட் அந்த உடம்புக்குத் தாங்காது. மெல்லிய, வழுவழுப்பான துணிகளில் இது சீக்கிரம் வரும். அப்படி விலகிய இடத்தை நான் எத்தனை முறை தைத்தாலும் பக்கத்தில் போய் விலகும்.

கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே வருகிறது. பெரிய சைஸ் போட்டேன், இன்னும் அதிகமாக வருகிறது. எப்படி?

கேட்பவர்களுக்கு நம்ப முடியாத விடை இதுதான்: பெரிய சைஸ் எடுத்ததால்தான் அதிகமாக வருகிறது.

சட்டையில் கையை உடலோடு இணைக்கும் வட்டமான திறப்பைக் கைக்குழி என்போம். அதன் அடிப்பகுதி அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால், கை தூக்கும்போது சட்டையின் கை மட்டும் அந்த இடத்திலிருந்து திரும்பும், உடல்பகுதி பெரிதாக அசையாது. கைக்குழி அக்குளுக்குக் கீழே இரண்டு, மூன்று அங்குலம் தொங்கினால், கை தூக்கும்போது அந்தத் தொங்கும் இடம் மேலே போக வேண்டும். அது தனியாகப் போகாது, உடல்பகுதியின் பக்கத் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சைஸ் கூடக்கூட கைக்குழியும் ஆழமாகும். அதனால் லூஸான சட்டை கைக்கு வசதி என்று நினைத்து எடுத்தால், தோள் லூஸாக இருந்தும் கை தூக்கச் சங்கடமாக இருக்கும்.

கையை இறக்கிவிட்டு அக்குளுக்கும் கைக்குழித் தையலுக்கும் நடுவே விரலை வையுங்கள். நெய்த துணிச் சட்டைக்கு ஒரு விரலிலிருந்து இரண்டு விரல் இடைவெளி நல்லது. நான்கு விரல் போனால் அந்தச் சட்டை கை தூக்கும்போதெல்லாம் மேலே வரும். அதை ஆல்டர் செய்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். கைக்குழியை ஆழமாக்கலாம், வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது.

கை தூக்கும்போது எப்படிப்பட்ட சட்டையும் ஓரளவு ஏறத்தான் செய்யும். இரண்டு அங்குலம் ஏறினால் நான் கவலைப்பட மாட்டேன். முக்கியமானது கையை இறக்கிய பிறகு நடப்பது. சட்டை தானாகப் பழைய இடத்துக்கு விழுந்தால் ஏறியதற்குக் காரணம் கைக்குழி. விழாமல் பின்புறத்தின் மேலேயே சுருண்டு நின்று, நீங்கள் கையால் இழுத்துவிட வேண்டியிருந்தால் சட்டையின் அடிச்சுற்று சிறியது. இந்த இரண்டாவதற்கு மட்டும் பெரிய சைஸோ, பக்கத் தையலின் அடியில் திறப்பு விட்ட மாடலோ உதவும்.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு, மேல்கை இறுக்கம். கையின் மேல்பகுதியில் சட்டைக்கை பட்டைபோலப் பிடித்துக்கொண்டால் கை போகும் இடமெல்லாம் அதுவும் போகும், சட்டையையும் கூட்டிக்கொண்டு போகும். மேல்கையில் துணியைக் கிள்ளினால் அரை அங்குல மடிப்பு வரவில்லையென்றால் இதுதான். உடற்பயிற்சி செய்து கை பருத்தவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

அப்படியானால் அக்குளில் சுருக்கமே இல்லாத சட்டைதான் நல்ல சட்டையா?

கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது அக்குளில் கொஞ்சம் துணி மடிந்து நிற்பது குறையல்ல. கை தூக்கும்போது செலவாகப் போகிற துணி அதுதான். கோட்டுபோலச் சுருக்கமே இல்லாமல் கை நேராகத் தொங்கும் சட்டையில் கையின் மேல்வளைவு உயரமாக வெட்டப்பட்டிருக்கும். பார்க்க அழகு, தூக்கக் கஷ்டம். வேலை செய்யப் போடும் சட்டையில் அந்த வளைவு தாழ்வாக இருக்கும், அக்குளில் சுருங்கும், கை சுலபமாக மேலே போகும். இரண்டையும் ஒரே சட்டையில் எதிர்பார்க்கக் கூடாது. நின்றே நாள் போகிறவரா, மேல் ஷெல்ஃபில் பொருள் எடுக்கிறவரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கையை மேலே தூக்கினால் பரவாயில்லை, முன்னால் நீட்டினால் முதுகு பிடிக்கிறது.

இது வேறு அளவு, முதுகின் அகலம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒருவரைக் கட்டிப்பிடிப்பதுபோலக் குறுக்கே கொண்டுவாருங்கள். தோள்பட்டை எலும்புகள் விலகி முதுகு அகலும். வண்டி ஓட்டுபவர், நாள்முழுதும் கீபோர்டில் கை வைத்திருப்பவர் இருப்பது இந்த நிலையில்தான், கை தூக்கிய நிலையில் அல்ல. அதனால் இவர்களுக்கு இந்தச் சோதனைதான் முதலில்.

முதுகின் குறுக்கே ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழிக்குக் கயிறு கட்டியதுபோல விறைத்துக் கோடு விழுந்தால் அகலம் போதவில்லை. தோள் தையலும் உள்ளே ஏறியிருந்தால் பெரிய சைஸ் சரியான விடை. தோள் தையல் சரியாகத் தோள் முனையில் இருந்து, முதுகு மட்டும் பிடித்தால் பெரிய சைஸில் தோள் விழுந்துவிடும். அப்போது முதுகில் மடிப்பு வைத்த சட்டையைத் தேடுங்கள். நடுவில் ஒரே பெட்டி மடிப்பு வைத்ததைவிட, தோள்பட்டைகளுக்கு நேராக இருபக்கமும் மடிப்பு வைத்தது நன்றாக உதவும், ஏனென்றால் துணி தேவைப்படும் இடத்தில் இருக்கிறது.

இதே நிலையில் கை நீளத்தையும் பார்த்துவிடலாம். கைப்பட்டியின் பட்டனைப் போட்டுக்கொண்டு முழங்கையை மடக்குங்கள். மணிக்கட்டு எலும்பிலிருந்து ஓர் அங்குலம்போல ஏறினால் சரி. இரண்டுக்கு மேல் ஏறினால் கை குட்டை.

நீளும் துணிக்கு இதெல்லாம் தேவையா? எப்படி வளைந்தாலும் பிடிப்பதில்லையே.

பிடிக்காது, அதுதான் சிக்கல். எலாஸ்டேன் கலந்த துணி தவறான சைஸையும் வசதியாகக் காட்டும். இங்கே இறுக்கத்தைப் பார்க்காமல் இரண்டு வேறு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, குனிந்து நல்ல வெளிச்சத்தில் பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பது. நின்றபோது அடர்த்தியாக இருந்த நிறம் வெளிறினாலோ, தோல் தெரிந்தாலோ துணி அளவுக்கு மீறி இழுபடுகிறது, ஒரு சைஸ் ஏறுங்கள். இன்னொன்று, ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து முழங்காலையும் சீட்டையும் பார்ப்பது. அங்கே பை மாதிரி தொங்கினால் துணிக்குத் திரும்பும் சக்தி குறைவு. சைஸை மாற்றினால் இது முழுதாகத் தீராது, நாள் முடிவில் இன்னும் தொங்கும்.

கோட்டுக்கும் இதே மூன்று சோதனைதானா?

உட்காரும்போது கோட்டின் பட்டனைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும், அதனால் பட்டன் போட்டு உட்கார்ந்து இறுக்கம் பார்ப்பதில் அர்த்தமில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் எந்தக் கோட்டும் ஏறும். முன்னால் நீட்டிக் கை குலுக்குவதுபோலச் செய்யுங்கள். அப்போது காலர் கழுத்தைவிட்டு விலகி எழுந்து, கையை இறக்கியும் திரும்பப் படியவில்லையென்றால் வேறு சைஸோ வேறு வெட்டோ பாருங்கள். உள்ளே போடப் போகிற சட்டையோடு பார்க்க மறக்காதீர்கள்.

எல்லாம் பார்த்தாச்சு, ஒரு இடம் மட்டும் இறுக்கம். பிரித்து விட்டுக்கொள்ளலாமா?

வாங்குவதற்கு முன்பே உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ரெடிமேடில் பக்கத் தையலுக்கு உள்ளே அரை அங்குலத்துக்கும் குறைவாகத்தான் துணி விட்டிருப்பார்கள், அதில் விடுவதற்கு ஒன்றும் இல்லை. ஃபார்மல் பேன்ட்டின் பின்நடுத் தையலில் மட்டும் சில சமயம் மேலே ஓர் அங்குலம்வரை மடித்துவிட்டிருக்கும். அங்கே இடுப்பைக் கொஞ்சம் கூட்டலாம். ஜீன்ஸில் அதுவும் கிடையாது, இரட்டைத் தையல் போட்டு ஓரத்தை வெட்டியிருப்பார்கள். இன்னொன்று, விட்ட இடத்தில் பழைய தையலின் ஊசித் துளையும் வெளுக்காத நிறமும் கோடாகத் தெரியும்.

இடுப்பைப் பிடிக்கலாம், கால் நீளம், கை நீளம் குறைக்கலாம், சட்டையின் பக்கங்களை உள்ளே எடுக்கலாம். ரைஸ், கைக்குழி, முதுகு அகலம் இந்த மூன்றும் வெட்டும்போதே முடிவாகிவிட்டவை. இந்த மூன்றில் ஒன்று இடித்தால் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வராதீர்கள், கடையிலேயே திரும்ப மாட்டிவிட்டு அடுத்த மாடலைப் போட்டுப் பாருங்கள்.